2007 உச்சத்தில் ஓய்வுபெற்றவரின் மூன்று வாளிகள்: பத்தாண்டுக் கணக்கு

ஓய்வுக்காலச் சேமிப்பை மூன்று வாளிகளாகப் பிரிக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படம் வரைந்து காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கு ரொக்கம், அதற்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகளுக்குக் கடன் பத்திரமும் வைப்பும், அதற்கும் அப்பால் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச் சந்தை. அமெரிக்க நிதி ஆலோசகர் ஹெரால்டு எவென்ஸ்கி 1980களில் இதை இரண்டு பிரிவாகச் செய்யத் தொடங்கினார். பின்னாளில் மார்னிங்ஸ்டார் நிறுவனத்தின் கிறிஸ்டின் பென்ஸ் மூன்று பிரிவாக விரித்து எழுதி உலகெங்கும் பரப்பினார். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாளி காலியாகும்போது எந்த வாளியிலிருந்து, எப்போது, எவ்வளவு எடுத்து நிரப்புவது என்ற கேள்வியைப் படம் தொடுவதில்லை. இந்த முறை வாழ்வதும் சாவதும் அந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து.

அதைச் சோதிக்க, இந்தியச் சந்தையில் ஓய்வுபெறுவதற்கு மிக மோசமான நாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்: 2007 டிசம்பர் 31. அன்று சென்செக்ஸ் 20,287. அடுத்த டிசம்பர் 31 அன்று அது 9,647. கீழே வரும் தம்பதி கணக்குக்காக நான் உருவாக்கியவர்கள். சென்செக்ஸ் எண்கள் உண்மையானவை.

கணவருக்கு 60 வயது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். பி.எஃப், கிராஜுவிட்டி, ஒரு மனை விற்ற பணம் எல்லாம் சேர்ந்து 60 லட்சம் ரூபாய். சொந்த வீடு இருக்கிறது. சிறிய பென்ஷனும் மாடிவீட்டு வாடகையும் போக மாதம் 20,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதாவது 2008இல் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 2.40 லட்சம், மொத்தத்தில் 4 சதவீதம். கேட்பதற்கு மிகவும் கட்டுப்பாடான அளவு.

முதல் வாளியில் 8 லட்சம். சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும் இருக்கும். மூன்று ஆண்டுச் செலவுக்குக் காணும். இரண்டாம் வாளியில் 24 லட்சம். இதில் 15 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில்; அன்றைய உச்சவரம்பு அதுதான், வட்டி 9 சதவீதம். மீதி 9 லட்சம் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்திலும் வங்கி வைப்பிலும். மூன்றாம் வாளியில் 28 லட்சம், சென்செக்ஸைப் பின்தொடரும் பங்கு ஃபண்டில்.

கணக்கு எளிமையாக இருக்க சில அனுமானங்கள் வைத்தேன். ஆண்டுச் செலவை ஆண்டின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். முதல் வாளிக்கு 6 சதவீத வட்டி, இரண்டாம் வாளிக்குச் சராசரி 8.5 சதவீதம். பங்கு ஃபண்டில் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை, ஃபண்டு நிர்வாகச் செலவையும் கழிக்கவில்லை. ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடாகிவிடும். செலவு 2014 வரை ஆண்டுக்கு 9 சதவீதம் கூடுகிறது, அதற்குப் பின் 6 சதவீதம். 9 சதவீதம் அதிகம் என்று இன்று தோன்றலாம். ஆனால் 2009 முதல் 2013 வரை பருப்பும் காய்கறியும் வாங்கிய யாரும் அதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

இனி விதி. பெரும்பாலான குடும்பங்கள் பின்பற்றக்கூடிய எளிய விதியையே எடுத்தேன். இரண்டாம் வாளியின் வட்டி அப்படியே முதல் வாளிக்கு வந்துவிடும். மூத்த குடிமக்கள் திட்டமும் மாத வருமானத் திட்டமும் வட்டியைக் கையில் கொடுப்பவை. எடுக்காமல் விட்ட வட்டிக்கு மேல் வட்டி கிடையாது. ஆகவே அது செலவுக் கணக்குக்கு வருவதுதான் இயல்பு. பங்கு வாளியைத் தொட ஒரே ஒரு நிபந்தனை: ஆண்டு இறுதியில் சென்செக்ஸ் அதுவரை கண்ட ஆண்டு இறுதி உச்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியிருந்தால், முதல் வாளியில் மறுபடி மூன்று ஆண்டுச் செலவு நிறையும் அளவுக்கு விற்கலாம். இல்லையென்றால் கை வைக்கக் கூடாது.

பத்து ஆண்டுகளில் நடந்தது இது. வாளிகளின் அளவு லட்சத்தில். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று, விற்பதற்கு முன்னால் இருந்த நிலை.

| ஆண்டு இறுதி | சென்செக்ஸ் | முதல் வாளி | இரண்டாம் வாளி | மூன்றாம் வாளி | பங்கில் விற்றது |
|---|---|---|---|---|---|
| 2007 | 20,287 | 8.0 | 24 | 28.0 | – |
| 2008 | 9,647 | 8.0 | 24 | 13.3 | – |
| 2009 | 17,465 | 7.7 | 24 | 24.1 | – |
| 2010 | 20,509 | 7.2 | 24 | 28.3 | 3.0 |
| 2011 | 15,455 | 9.6 | 24 | 19.1 | – |
| 2012 | 19,427 | 8.6 | 24 | 24.0 | – |
| 2013 | 21,171 | 7.2 | 24 | 26.1 | 5.6 |
| 2014 | 27,499 | 11.4 | 24 | 26.7 | 2.2 |
| 2015 | 26,118 | 11.9 | 24 | 23.2 | – |
| 2016 | 26,626 | 9.9 | 24 | 23.6 | – |
| 2017 | 34,057 | 7.4 | 24 | 30.2 | நிரப்பும் நேரம் |

2008 வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓய்வுபெற்று ஒரே ஆண்டில் 28 லட்சம் 13.3 லட்சமாகிவிட்டது. ஆனால் அதே வரிசையில் முதல் வாளியைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் செலவு செய்த பிறகும் அது 8 லட்சத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் 2.40 லட்சம் செலவில் 2.04 லட்சத்தை இரண்டாம் வாளியின் வட்டியே தந்துவிட்டது. மளிகைக்கடை பாக்கியில்லை, மருந்துக்குத் தடையில்லை. அந்த டிசம்பரில் மகன் போன் பண்ணி, "அப்பா, மிச்சமிருக்கிறதையாவது எடுத்து பேங்க்ல போட்டுடுங்க" என்று சொல்லியிருப்பான். பல வீடுகளில் அப்படித்தான் சொன்னார்கள். அப்போது அப்பா பதிலுக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்ல முடியும்: பங்கைத் தொடாமல் இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் சாப்பிட நம்மிடம் பணம் இருக்கிறது.

அந்த எண் எவ்வளவு பெறும் என்பதையும் கணக்கிட்டேன். அதே தம்பதி 2008 டிசம்பரில் மகன் சொன்னபடி எல்லாவற்றையும் விற்று 8.5 சதவீத வைப்பில் போட்டிருந்தால், 2017 முடிவில் அவர்களிடம் இருப்பது சுமார் 45 லட்சம். வாளி விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் சுமார் 61.6 லட்சம். பதினாறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், ஒரே ஒரு மாதத்தில் எடுத்த முடிவால். சந்தை விழுந்த வேளையில் விற்றுச் சாப்பிட்டால், பிறகு சந்தை ஏறும்போது ஏறுவதற்கு யூனிட்டே இருக்காது. சம்பளக்காரருக்கு அந்த யூனிட்டை மறுபடி வாங்க வருமானம் உண்டு, ஓய்வுபெற்றவருக்குக் கிடையாது. ஓய்வின் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வரும் வீழ்ச்சி, பதினைந்தாம் ஆண்டில் வரும் அதே அளவு வீழ்ச்சியைவிடக் கொடியதாக இருப்பது இதனால்தான். வாளி முறை தடுப்பது இந்த ஒன்றைத்தான், அதை நன்றாகவே தடுத்திருக்கிறது.

இதோடு கட்டுரையை முடித்தால் வாளி முறைக்கு விளம்பரம் எழுதியதாகிவிடும். இன்னும் இரண்டு ஒப்பீடுகள் செய்தாக வேண்டும்.

ஒன்று, 60 லட்சத்தையும் முதல் நாளிலேயே 8.5 சதவீத வைப்பில் போட்டு, பங்குப் பக்கமே போகாமல் இருந்தவர். அதே செலவு, அதே பணவீக்கம். 2017 முடிவில் அவர் கையில் சுமார் 81 லட்சம். இன்னொருவர் எங்கள் தம்பதியைப் போலவே பிரித்தவர். ஆனால் விதி எதுவுமில்லாமல் ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் மொத்தத் தொகையை மறுபடி அதே விகிதத்துக்குக் கொண்டுவந்தவர். அவரிடம் சுமார் 74 லட்சம்.

ஆக நான்கு பேரில், பதறி விற்றவரை மட்டுமே வாளிக்காரர் தோற்கடித்திருக்கிறார். வாளி முறையை விற்பவர்கள் இந்த ஒப்பீட்டைக் காட்டுவதில்லை. ஆனால் ஓய்வுபெறப் போகிறவர் இதைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வைப்புக்காரர் வென்றதற்குக் காரணம் தெளிவு. தொடங்கிய நாள் உச்சம். அங்கிருந்து பத்தாண்டில் சென்செக்ஸ் ஆண்டுக்குச் சராசரி 5.3 சதவீதம்தான் ஏறியது; வைப்பு அதைவிட அதிகம் தந்தது. தொடக்க நாளை ஒரே ஓர் ஆண்டு தள்ளி 2008 டிசம்பர் 31 என்று வைத்தால் கதை தலைகீழ்: 9,647இலிருந்து 34,057, ஒன்பது ஆண்டில் மூன்றரை மடங்கு. அதே காலத்தில் வைப்பு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியிருக்கும். தவிர, பத்து ஆண்டு முழுக்க 8.5 சதவீதம் என்பது வைப்புக்காரருக்கு நான் கொடுத்த சலுகை. 2017 வாக்கில் வங்கி வட்டி வெகுவாக இறங்கிவிட்டது. வட்டிக்கு ஆண்டுதோறும் வரியும் உண்டு, நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு அன்று வரி இல்லை. இதையெல்லாம் சேர்த்தால் இடைவெளி குறையும். தன் ஓய்வு உச்சத்தில் விழுமா, பள்ளத்தில் விழுமா என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே வைப்புக்காரரின் வெற்றியை நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

ஆண்டுதோறும் விகிதத்தைச் சரிசெய்தவரின் 74 லட்சம்தான் என்னை உறுத்துகிறது. அவரும் வாளிக்காரரும் ஒரே நாளில், ஒரே பிரிவில் தொடங்கியவர்கள். இருவருக்கும் ஒரே சந்தை. வித்தியாசம் 12 லட்சம், அதாவது அன்றைய விலையில் இரண்டரை ஆண்டுச் சாப்பாடு. அது எங்கிருந்து வந்தது?

2008 டிசம்பரில் இருந்து வந்தது. அந்த நாளில் விகிதத்தைச் சரிசெய்தவர் வைப்பிலிருந்து எடுத்துப் பங்கு வாங்கினார். வாளிக்காரர் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. அவருடைய விதியில் தண்ணீர் ஒரு திசையில் மட்டுமே ஓடும், பங்கிலிருந்து ரொக்கத்துக்கு. இரண்டாம் வாளியில் 24 லட்சம் சும்மா நிற்க, பங்கு பாதி விலையில் கிடந்தது. அந்த 24இல் வெறும் 5 லட்சத்தை அன்று பங்குக்கு மாற்றியிருந்தால் 2010 முடிவில் அது 10.6 லட்சம். அப்போது அதை விற்று இரண்டாம் வாளிக்கே திருப்பிக் கொடுத்திருந்தால், இரண்டு ஆண்டு வட்டி இழப்பு போக 4.75 லட்சம் கூடுதல். இரண்டாம் வாளி 29 லட்சத்துக்கு மேல் உயர்ந்திருக்கும். மாற்றிய அன்றும் ஆபத்தில்லை: முதல் இரண்டு வாளிகளிலும் சேர்த்து 27 லட்சம் மிஞ்சியிருக்கும், ஆண்டுச் செலவு 2.62 லட்சம்.

ஆகவே நான் திருத்தி எழுதும் விதி இப்படி இருக்கும்: ஆண்டு இறுதியில் பங்குக் குறியீடு அதன் உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்திருந்தால், இரண்டாம் வாளியில் ஐந்தில் ஒரு பங்கைப் பங்குக்கு மாற்றுவது. ஒரு வீழ்ச்சிக்கு ஒரு முறை மட்டும். மாற்றிய பிறகும் முதல் இரண்டு வாளிகளில் குறைந்தது ஏழு ஆண்டுச் செலவு இருக்க வேண்டும். குறியீடு பழைய உச்சத்தைத் தொட்டதும் மாற்றிய பணம் முதலில் திரும்பி வர வேண்டும். ஏன் இவ்வளவு வேலி என்று கேட்டால், ஜப்பான். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி எட்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்துநான்கு ஆண்டு. விழுந்த சந்தை மூன்று ஆண்டில் எழும் என்பது 2008இன் இந்திய அனுபவம், இயற்கை விதி அல்ல. வேலியில்லாமல் கீழே கீழே வாங்கிக்கொண்டே போகிற ஓய்வூதியர் தன் சாப்பாட்டுப் பணத்தை அங்கே புதைத்துவிடலாம்.

நடைமுறையில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. இரண்டாம் வாளி முழுவதும் பூட்டில் இருந்தால் 5 லட்சத்தை எப்படி எடுப்பது? மூத்த குடிமக்கள் திட்டத்தை முன்கூட்டி மூடினால் அபராதம் பிடிப்பார்கள். அதனால் இரண்டாம் வாளியில் நான்கில் ஒரு பங்காவது, வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும் வங்கி வைப்புகளாக இருக்க வேண்டும். ஒரே பெரிய வைப்பாகப் போடாமல் இரண்டு லட்சம், மூன்று லட்சமாக உடைத்துப் போட்டால், தேவையானதை மட்டும் உடைக்கலாம். மற்றவற்றின் வட்டி கெடாது.

இனி அட்டவணையின் நடுப்பத்திக்கு வருகிறேன். பதினொரு வரிசையிலும் 24, 24, 24. பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கும். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்தப் பத்திதான்.

2008இல் 24 லட்சம் என்பது பத்து ஆண்டுச் செலவு. 2018இன் செலவு 5.08 லட்சம், அதே 24 லட்சம் இப்போது ஐந்து ஆண்டுக்கும் போதாது. பணம் குறையவில்லை, அதன் ஆண்டுகள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. வட்டியும் அதே கதை. ஆண்டுக்கு 2.04 லட்சம் வட்டி 2008இல் செலவில் 85 சதவீதத்தைத் தாங்கியது. 2017இல் தாங்கியது 43 சதவீதம்தான். வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு அசலை அப்படியே வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் நிறைய பேர். 9 சதவீத விலையேற்றத்தில் 8.5 சதவீத வட்டியை முழுவதும் சாப்பிடுவதற்கு, அசலைச் சாப்பிடுவது என்றுதான் பொருள்.

இந்தக் கரைப்பு முதல் வாளியில் அறிகுறியாகத் தெரிகிறது, பார்க்கத் தெரிந்தால். பங்கை விற்க முடியாத மூன்றாண்டு இடைவெளி இந்தப் பத்தாண்டில் மூன்று முறை வந்தது: 2007 முதல் 2010, 2010 முதல் 2013, 2014 முதல் 2017. ஒவ்வொன்றின் முடிவிலும் முதல் வாளியில் இருந்த ரூபாய் கிட்டத்தட்ட ஒன்றே: 7.2, 7.2, 7.4 லட்சம். ரூபாயாகப் பார்த்தால் எல்லாம் சரி. ஆண்டுகளாக மாற்றுங்கள். 2010இல் அது அடுத்த 2.3 ஆண்டுச் செலவு. 2013இல் 1.8 ஆண்டு. 2017இல் ஒன்றரை ஆண்டு. 2017இல் சந்தை உச்சத்தைத் தாண்டாமல் இன்னும் இரண்டு ஆண்டு இழுத்திருந்தால், முதல் வாளி காய்ந்து இரண்டாம் வாளியை உடைக்க வேண்டி வந்திருக்கும். வாளிகளை ரூபாயில் எழுதாமல் ஆண்டுகளில் எழுதி வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நோட்டில் ஒரு வரி போதும்: வாளியில் உள்ள தொகை, வகுத்தல் வரும் ஆண்டுச் செலவு. அந்த எண் இரண்டு ஜனவரிகளுக்கிடையே இறங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இதற்கான திருத்தம் வலிக்கும். பங்கு உச்சத்தைத் தாண்டிய ஆண்டுகளில் முதல் வாளியை மட்டும் நிரப்பிவிட்டுப் போகாமல், இரண்டாம் வாளியையும் உயர்த்த வேண்டும். 2014 டிசம்பரில் சென்செக்ஸ் ஓராண்டில் 30 சதவீதம் ஏறி நின்றபோது எங்கள் தம்பதி விற்றது 2.2 லட்சம்தான். இன்னும் 3 லட்சம் விற்று இரண்டாம் வாளியில் சேர்த்திருக்கலாம். ஏறும் சந்தையில் விற்க மனம் வராது. விழும் சந்தையில் விற்கத் துடிப்பதும் ஏறும் சந்தையில் விற்க மறுப்பதும் ஒரே மனம்தான். ஆனால் முதல் தவறுக்கு வாளி முறை வேலி போடுகிறது, இரண்டாவதற்குப் போடுவதில்லை. அதை நாம்தான் விதியில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இன்று இதே பிரிவைச் செய்பவருக்குப் பொருள்கள் மாறியிருக்கின்றன. மூத்த குடிமக்கள் திட்டத்தின் வரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்ந்தது. வட்டியும் அப்போது 8.2 சதவீதமாக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரும் அறுபதைத் தாண்டியிருந்தால் ஆளுக்கொரு கணக்கு. ஐந்து ஆண்டில் முதிரும், மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். இரண்டாம் வாளிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரத்தையும் பலர் இந்த வாளியில் போடுகிறார்கள். பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் அது ஏழு ஆண்டில் முதிர்வது, சந்தையில் விற்க முடியாது. ஏழாம் ஆண்டுக்குப் பிறகு தேவைப்படும் பணத்தை மட்டுமே அங்கே வைக்கலாம்.

இரண்டாம் வாளியில் கூடுதல் வட்டிக்கு ஆசைப்படுவது இந்த முறையை அடியிலிருந்தே ஓட்டையாக்கும். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நாளைக் கவனியுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 23 அன்று, சென்செக்ஸ் 25,981க்கு விழுந்திருந்தது. பங்கு வாளியைத் தொடக் கூடாத நேரத்தில் பத்திர வாளியும் பூட்டிக்கொண்டது. தரம் குறைந்த கடன் பத்திரம் சிக்கலில் மாட்டுவது பங்கு விழும் அதே மாதங்களில்தான். நல்ல காலத்தில் அது தரும் ஒன்றரை இரண்டு சதவீதக் கூடுதல், தேவையான ஒரே நேரத்தில் கைவிடுவதற்கான கூலி. இரண்டாம் வாளியில் அரசு உத்தரவாதமும் பெரிய வங்கியும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கி வைப்பிலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. முதல் வாளியையாவது அந்த வரம்புக்குள் இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது.

மூன்றாம் வாளியில் விற்கும்போது வரி இன்று உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஆண்டு லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 12.5 சதவீதம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக விற்பதைவிட, உச்சத்துக்கு அருகே இருக்கும் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விற்பது இந்த வரம்பை ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்திக்கொள்ள உதவும். அதற்காக விதியைச் சற்றே தளர்த்தி, குறியீடு உச்சத்துக்கு 5 சதவீதம் கீழே இருந்தாலும் விற்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 2017 டிசம்பர் 31 அன்று நம் தம்பதியின் நிலை. அவருக்கு வயது 70. கையில் சுமார் 61.6 லட்சம், ஏறக்குறைய தொடங்கிய அதே தொகை. வரும் ஆண்டின் செலவு 5.08 லட்சம். பத்து ஆண்டுக்கு முன்னால் 25 ஆண்டுச் செலவு இருந்தது, இப்போது 12 ஆண்டு. இனிமேல் சேமிப்பு தரும் வருமானம் விலைவாசியோடு சரியாகப் போய்விடும் என்று வைத்தால், அவருடைய 82 வயதில் பணம் தீரும். மனைவி அவரைவிட இளையவர் என்றால் அவருக்கு அதற்குப் பிறகும் ஆண்டுகள் இருக்கின்றன. வாளிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் இந்த 12 பெரிதாக மாறாது. 4 சதவீதத்தில் தொடங்கிய எடுப்பு இப்போது 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அதைத் தாங்கும் பிரிவு எதுவும் கிடையாது.

இந்த நாளில் நான் அவர்களோடு உட்கார்ந்திருந்தால் சொல்லக்கூடியது இரண்டு. சந்தை உச்சத்தில் இருக்கிறது. முதல் வாளியை மூன்று ஆண்டுக்கு நிரப்ப வேண்டிய 8.8 லட்சத்தை இன்றே விற்றுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அடுத்து, இரண்டாம் வாளியில் 10 முதல் 12 லட்சத்துக்கு இருவரில் கடைசியாக உயிரோடிருப்பவர் காலம் வரை தொகை வரும் கூட்டு ஆனுவிட்டி வாங்குங்கள். அறுபது வயதில் ஆனுவிட்டி வாங்கச் சொன்னால் நானே தடுத்திருப்பேன், விகிதம் குறைவு. எழுபதில் அதே பணத்துக்குக் கூடுதலாகத் தருவார்கள். அந்தத் தொகை விலைவாசியோடு ஏறாது என்பது குறைதான். ஆனால் 82 வயதுக்குப் பிறகும், மனைவி தனியாக இருக்கும் காலத்திலும், மாதம் ஒரு தொகை கணக்கில் விழும். மீதித் துண்டுக்கு மாடிவீட்டு வாடகையைத் திருத்துவதும், ஆண்டுச் செலவை 4.5 லட்சத்துக்குள் கொண்டுவருவதும் பற்றி அவர்கள் இருவரும் பேச வேண்டும், 4.5 லட்சம் என்றால் கையிருப்பு 12 ஆண்டிலிருந்து ஏறக்குறைய 14 ஆண்டாகும்.